பூட்டிய அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

சென்னையில் சென்ற ஆண்டு நாங்கள் பார்த்த வீடு எல்லா வகையிலும் பிடித்திருந்தது. கிழக்குப் பார்த்த வாசல், நல்ல தண்ணீர், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். கடைசி அறையில் மட்டும் பூட்டுத் தொங்கியது. “அதுல எங்க வீட்டுச் சாமான் கொஞ்சம் கிடக்கு தம்பி. நீங்க குடி வாங்க, ஒரு மாசத்துல எடுத்துடறேன்” என்றார் வீட்டுக்கார அம்மா.

இதே வார்த்தையை நம்பி முன்பு ஒரு வீட்டில் இரண்டு வருஷம் பூட்டிய அறையோடு குடியிருந்தவன் நான். அதனால் இந்த முறை, “அம்மா, ஒரு தடவை திறந்து காட்டுங்க, பார்த்துட்டுப் பேசுவோம்” என்று கேட்டேன்.

உள்ளே ஒரு பெரிய மரக்கட்டில், இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, பிளைவுட் பீரோ, கட்டுக்கட்டாகப் பழைய செய்தித்தாள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தியதும் விஷயம் தெரிந்துவிட்டது. தரையிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு மண்கோடு சுவரில் ஏறி பீரோவின் முதுகுக்குள் போயிருந்தது. கரையான். அது உயிரோடிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, கோட்டின் நடுவில் ஓர் அங்குலத்தைச் சுரண்டிவிடுவது. இரண்டு மூன்று நாளில் அந்த இடைவெளி ஈரமண்ணால் மூடப்பட்டிருந்தால் புற்று வேலை செய்கிறது. மூடாவிட்டால் கரையான் அந்த வழியை விட்டிருக்கலாம், ஆனால் வேறு பக்கமாகப் போயிருக்கவும் கூடும். எங்கள் கோடு மூடியிருந்தது.

கட்டில் காலில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் இருந்தன. அது உளுத்த மரம். ஓட்டைக்குக் கீழே வெளிர்நிறத்தில் புது மாவு கொட்டியிருந்தால் வண்டு உள்ளேயே இருக்கிறது என்று பொருள். மெத்தையின் தையல் ஓரங்களில் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். மனித ரத்தம் கிடைக்காமலே அது மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆளில்லாத அறை என்பதால் செத்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பூட்டிய கதவும் இவை எதையும் தடுக்காது. கரையான் சுவருக்குள்ளேயே நடந்து பக்கத்து அறையில் உங்கள் புத்தக அலமாரிக்கு வந்து சேரும்.

வாடகைக் கணக்கையும் அன்றே போட்டுப் பார்த்தோம். வீடு 850 சதுர அடி, வாடகை 17,000 ரூபாய், அதாவது சதுர அடிக்கு 20 ரூபாய். அந்த அறை 90 சதுர அடி. மாதம் 1,800 ரூபாய், 11 மாதத்துக்கு 19,800 ரூபாய். அந்தத் தொகையைக் கொடுத்து, அவருடைய சாமானை நாங்கள் காவல் காக்கவேண்டும்.

அந்த அம்மா கணக்கை மறுக்கவில்லை. கட்டில் விளிம்பைத் தடவியபடி, “இது அவர் வாங்கினது” என்றார். கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பூட்டிய அறைகள் பலவும் பூட்டியே கிடப்பதற்குச் சோம்பல் காரணமில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தனியாக முடிவெடுக்க அவரால் முடியவில்லை. “எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க” என்று கேட்பவருக்கு அவர் எப்படிச் சரி சொல்வார்? மகளை வரச் சொல்லி, கட்டிலை முதலில் தனியே ஒதுக்கினோம். அதற்கு வண்டு மருந்து அடித்து மகள் வீட்டுக்கு அனுப்புவது என்று பேசி முடித்ததும் மற்றது சுலபமாகிவிட்டது. தாளும் இரும்பும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. பீரோவும் மெத்தைகளும் ஒரு குட்டியானையில் ஏறின. வண்டிக் கூலி அவருடையது, ஏற்றி இறக்க உதவியது நாங்கள்.

இவ்வளவும் நடந்தது முழு அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்னால். அன்று நாங்கள் கொடுத்திருந்தது 5,000 ரூபாய் டோக்கன் மட்டும். மீதி, அறை காலியாகி, கரையான் மருந்து அடித்து, சாவி கையில் வரும்போது என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவரும் சரி என்று பதில் போட்டிருந்தார். சாமான் இறக்கிய பிறகு இதைக் கேட்டால் கெஞ்சத்தான் வேண்டும்.

காலி செய்யவே முடியாது என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த அறையை வாடகையிலிருந்து கழித்துவிட்டு ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: எந்த அறை, உள்ளே என்னென்ன, சாவி யாரிடம், பூச்சி வந்தால் செலவு யாருடையது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யவேண்டும். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது. தன் அறைக்குப் போக அவர் உங்கள் கூடத்தைக் கடந்து வரவேண்டியிருக்கும் என்பதால், ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அவர் வரத் தாமதித்தாலும் நீங்களாகப் பூட்டைத் திறந்து எதையும் வெளியே போடவேண்டாம். உங்களுக்குக் குப்பையாகத் தெரிவது அவருடைய சொத்து. பிறகு காணாமல் போன ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டிவரும்.

எங்கள் அறைக்கு மருந்து அடித்த பிறகு ஒரு வாரம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். சுரண்டிய இடத்தைத் தினமும் போய்ப் பார்ப்பேன். அது மூடவில்லை. எட்டாம் நாள் மகளின் படிப்பு மேசையை அங்கே போட்டோம்.