வியர்வையும் ஆடையும்

காஜாங் விளையாட்டரங்கின் பக்கம் மாலையில் ஓடுவோர் அணிந்திருக்கும் சட்டையையும், அருகிலுள்ள எம்.ஆர்.டி. நிலையத்தில் வேலைக்குச் செல்வோர் பலர் அணிந்திருக்கும் சட்டையையும் தொட்டுப் பார்த்தால், துணி ஒன்றே என்பது விளங்கும். பயிற்சிக்கென நெய்த துணி அன்றாட உடையாகிவிட்ட இவ்வழக்கத்தையே இன்று 'அத்லீஷர்' என்கின்றனர். இத்துணிக்கும் பழைய பருத்தி விளையாட்டு உடைக்கும் உள்ள வேறுபாடு யாது?

பருத்தி இழை நீரைத் தன்னுள்ளேயே வாங்கிக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ நூற்றில் 8 பங்கு ஈரம் அதில் தங்கியிருக்கும். ஆகவே வியர்த்தபின் பருத்தி பனியன் கனத்து உடலோடு ஒட்டிக்கொள்கிறது, காயவும் நேரமாகிறது. இங்கிலாந்தில் 1941ஆம் ஆண்டு வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டறிந்த பாலியெஸ்டர் இழையிலோ அவ்வீரம் நூற்றில் அரைப் பங்குகூட இராது.

நீரை உறிஞ்சாத இழை வியர்வையை எவ்வாறு அகற்றும்? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய சந்துகள் வழியே வியர்வை ஊர்ந்து, துணியின் வெளிப்புறத்தில் அகலப் பரவுகிறது. வழவழப்பான உருண்டை இழைகளால் நெருக்கி நெய்த பழைய பாலியெஸ்டர் சட்டைகள் புழுங்கியதற்குக் காரணம், இவ்வழி போதாமையே. 1986இல் டூபாண்ட் நிறுவனம் பள்ளங்கள் ஓடும் இழையைக் கொணர்ந்து இக்குறையைப் போக்க முயன்றது. 1958இல் அதே நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய லைக்ரா, துணிக்கு இழுபடும் தன்மையை அளித்தது. இலேசு, நெகிழ்வு, விரைவில் உலர்தல், இஸ்திரி வேண்டாமை ஆகிய நான்கும் சேர்ந்தே இத்துணியை அன்றாட உடைகளிடையே சேர்த்தன.

ஆயினும் ஓர் எல்லையுண்டு. துணி வியர்வையைப் பரப்புமேயன்றி ஆவியாக்காது. அது காற்றின் வேலை. காஜாங்கின் ஈரக்காற்றில், ஓடுபவர் மீது காற்று வீசும்வரை சட்டை குளிர்ச்சி தரும். அவர் நின்றதும் உலர்தல் மந்தமாகிறது. அதே ஈரச் சட்டையோடு குளிரூட்டிய வண்டியில் ஏறினால், வறண்ட காற்றில் ஈரம் சட்டென ஆவியாகி உடலை நடுங்கச் செய்யும். கனத்த பருத்தியாயின் அந்நடுக்கம் இன்னும் நீளும்.

இன்னொரு குறை நாற்றம். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 26 பேரை மிதிவண்டிப் பயிற்சி செய்வித்து, அவர்தம் சட்டைகளை மறுநாள் சோதித்தனர். பாலியெஸ்டர் சட்டைகளே மிகுதியாக நாறின; நாற்றம் விளைக்கும் நுண்ணுயிர்கள் அவ்விழைமீது நன்கு வளர்வதை 2014இல் வெளியிட்டனர். எனவே நாள் முழுதும் உடுத்துவோர் அன்றன்றே துவைத்தல் வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் ஆகாது. அதன் படலம் சந்துகளை அடைத்துவிடும்.

வாங்குமுன் சோதிப்பது எளிது. துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டு நீர் விடுக. நொடியில் அகலப் பரவினால் அது வியர்வையைக் கடத்தும் துணி. மணியாக நின்றால் பெயரளவில் மட்டுமே விளையாட்டுத் துணி.