டயரியில் சிவப்பு மை

"கணக்கில் கவனக்குறைவு. வேலையை முடிப்பதில்லை. பெற்றோர் கவனிக்கவும்."

பள்ளி டயரியில் இப்படி எழுதி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. அப்பா முறைப்பார், பையன் அழுவான், அம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள். ஆனால் டீச்சர் கேட்டது கையெழுத்து மட்டும்தானா?

நிதானமாகப் படியுங்கள். 'முடிப்பதில்லை' என்பது டீச்சர் கண்ணால் கண்டது. 'கவனக்குறைவு' என்பது அதற்கு அவர் ஊகித்த காரணம். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் ஊகிக்கத்தான் முடியும். 'கவனிக்கவும்' என்பதே உங்களிடம் கேட்பது. எதை என்று அவர் எழுதவில்லை. அது கணக்கு நோட்டில் இருக்கிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் துறைமுகத்து ஏலத்துக்குப் போனவள், மாலையில்தான் டயரியைப் பார்க்கிறாள். "இன்னாடா எழுதிக்கீறாங்க?" என்று அதட்டிவிட்டு, நோட்டையும் வாங்கிப் பிரிக்கிறாள்.

78-இல் 25 போனால் 53. சரி. 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருக்கிறான். தப்பு. 83-இல் 46 போனால் 43. அதுவும் தப்பு. அடுத்த இரண்டு கணக்குகளைத் தொடவேயில்லை.

இது கவனக்குறைவா? 52, 27 இரண்டையும் பாருங்கள். 2-இல் 7 போகாது. எனவே பையன் 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறான். 83-லும் அதே வேலை: 6-இல் 3 போக 3! தப்பைக்கூட ஒழுங்காகச் செய்திருக்கிறான், பாவம். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பிழையும் உண்டு.

இதற்கு டியூஷன் வேண்டாம்; சுருக்குப்பை போதும். ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கொடுத்து, "இருபத்தேழு ரூபா எடுத்துக் குடு" என்று கேட்கட்டும். சில்லறை போதாமல் பையன் விழிப்பான். ஒரு பத்து ரூபாயை மாற்றிப் பத்து நாணயம் தரட்டும். இப்போது நாலு நோட்டு, பன்னிரண்டு நாணயம். ஏழு நாணயமும் இரண்டு நோட்டும் கொடுத்தால் மீதி 25. பிறகு அதையே நோட்டில் எழுதவேண்டும். சில நாட்கள், தினம் நாலு கணக்கு.

எல்லாப் பிள்ளைக்கும் இதே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். விடை சரியாக இருந்து, கரும்பலகையில் டீச்சர் போட்ட எண்ணே நோட்டில் மாறியிருந்தால், முதலில் கண்ணைச் சோதிக்கவேண்டும். முதல் கணக்குகள் சரியாகவும் கடைசிக் கணக்குகள் வெறுமையாகவும் இருந்தால் தூக்கத்தை விசாரியுங்கள். அம்மா எழும்போதே விழித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

கையெழுத்துக்கு மேலே சிறிது இடம் இருக்குமல்லவா? எழுதத் தெரியாத தாயானால் மூத்த பெண்ணை விட்டு எழுதச் சொல்லலாம்: "கடன் வாங்கிக் கழிப்பதில்தான் தடுமாறுகிறான். வீட்டில் காசு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள், டீச்சர்."