முன்பக்கத்து 20 கிராமும் பின்பக்கத்துக் கணக்கும்

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்கள் பல, சுங்கப் பரிசோதனைக்காக ஒருகொடவத்தையில் உள்ள முற்றங்களுக்கு வருகின்றன. என் தங்கை மகன் அங்கேதான் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறான். வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போவான். போன வாரம் ஒரு மாலை வீட்டுக்கு வந்தவன், பையிலிருந்து மூன்று புரோட்டீன் பார்களை எடுத்து மேசையில் வைத்தான்.

"மாமா, மூண்டிலயும் புரோட்டீன் எண்டுதான் பெரிசாப் போட்டிருக்கு. எதை வாங்கினா நட்டமில்லை?"

அவன் கேட்டது சரியான கேள்வி. முன்பக்கம் அதற்குப் பதில் சொல்லாது. ஒன்றில் "20 கிராம் புரதம்" என்று இருந்தது, இன்னொன்றில் "15 கிராம்", மூன்றாவதில் "இயற்கைப் புரதம் நிறைந்தது". இந்த எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. அந்தப் புரதத்தோடு சேர்ந்து எத்தனை கலோரி வருகிறது, அதற்கு எத்தனை ரூபா போகிறது என்று தெரிந்தால்தான் ஒப்பிடலாம்.

மூன்றையும் திருப்பி, பின்பக்க ஊட்டச்சத்து அட்டவணையைப் பார்த்தோம். விலையும் சேர்மானமும் அடிக்கடி மாறுவதால் பெயர்களை இங்கே எழுதவில்லை. கணக்கு எளிதாக இருக்க எண்களையும் கிட்டிய முழு எண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலாவது, கச்சானும் பேரீச்சையும் சேர்த்து இங்கேயே செய்த பார். எடை 40 கிராம், புரதம் 6 கிராம், 190 கலோரி, விலை 250 ரூபா. இரண்டாவது, அமெரிக்காவிலிருந்து வந்த பாற்புரதப் பார். எடை 60 கிராம், புரதம் 20 கிராம், 200 கலோரி, விலை 1,200 ரூபா. மூன்றாவது, சொக்லட் பூசிய பார். எடை 60 கிராம், புரதம் 15 கிராம், 240 கலோரி, விலை 500 ரூபா.

கணக்கு போடுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல அட்டவணைகளில் இரண்டு நிரல்கள் இருக்கும். ஒன்று 100 கிராமுக்கு, மற்றது ஒரு பரிமாறலுக்கு. சொக்லட் பாரின் 15 கிராம் புரதம் 100 கிராம் நிரலில் 25 ஆகத் தெரியும். ஒரு பாரின் புரதத்தை எடுத்தால் கலோரியையும் அதே நிரலிலிருந்து எடுக்க வேண்டும். பெரிய பார்கள் சிலவற்றில் "ஒரு பரிமாறல்" என்பது பாதிப் பாராகவும் இருக்கும்.

முதல் கணக்கு கலோரிக்கானது. புரத கிராமை 100ஆல் பெருக்கிக் கலோரியால் வகுத்தால், 100 கலோரி சாப்பிடும்போது எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறது என்று வரும். பாற்புரதப் பாரில் 10 கிராம். சொக்லட் பாரில் 6.25. கச்சான் பாரில் 3.2 மட்டுமே.

இந்த எண்களுக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. ஒரு கிராம் புரதம் ஏறத்தாழ 4 கலோரி தரும். ஆகவே வேறு எதுவும் கலக்காத தூய புரதத்தில்கூட 100 கலோரிக்கு 25 கிராம்தான் வரும். 10 கிராம் என்றால் பாரின் சக்தியில் 40 சதவீதம் புரதத்திலிருந்து வருகிறது. கச்சான் பாரில் அது 13 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் உணவை "புரதம் அதிகம்" என்று விற்க, அதன் சக்தியில் குறைந்தது 20 சதவீதம் புரதத்திலிருந்து வர வேண்டும் என்பது சட்டம். 100 கலோரிக்கு 5 கிராம் என்பதே அந்தக் கோடு. கச்சான் பார் அதைத் தொடவில்லை. சக்தியில் பெரும்பங்கு கச்சானின் எண்ணெயிலிருந்தும் பேரீச்சையின் சீனியிலிருந்தும் வருகிறது. அது கெட்ட உணவு அல்ல. ஆனால் அதைப் புரதத்துக்காக வாங்குவதில் அர்த்தமில்லை.

மருமகனுக்குப் பாற்புரதப் பாரின் 200 கலோரியில் சந்தேகம். "இவ்வளவு இனிப்பா இருக்கு, 200தானா?" என்றான். கூட்டிப் பார்த்தோம். புரதம் 20 கிராம், கிராமுக்கு 4 வீதம் 80. கொழுப்பு 8 கிராம், கிராமுக்கு 9 வீதம் 72. மாவுச்சத்து 22 கிராம், 4 வீதம் 88. மொத்தம் 240 வருகிறது. அட்டை சொல்வதைவிட 40 கூட.

அந்த 40 எங்கே போனது என்பதை மாவுச்சத்தின் கீழுள்ள சின்ன வரிகள் சொல்லின. அந்த 22 கிராமில் 10 கிராம் நார்ச்சத்து. நார் முழுமையாகச் செரிக்காததால் அதைக் கிராமுக்கு ஏறத்தாழ 2 கலோரியாகவே எண்ணுவார்கள். அதில் 20 குறைந்தது. இன்னும் 5 கிராம் எரித்ரிட்டோல் என்ற இனிப்பு. அது உடலில் சக்தியாக மாறாமல் சிறுநீரில் வெளியேறுவதால் அதற்குக் கலோரி அநேகமாக இல்லை. அதில் மற்ற 20 குறைந்தது. கணக்கு ஒத்துப்போனது. கூட்டுத்தொகை அட்டையை மிஞ்சியும், நாரோ இத்தகைய இனிப்போ எழுதப்பட்டிருக்காவிட்டால், அந்த அட்டையை நம்பக் கூடாது.

இரண்டாவது கணக்கு ரூபாவுக்கானது. இங்கே வரிசை மாறியது. 100 ரூபாவுக்குச் சொக்லட் பார் 3 கிராம் புரதம் தருகிறது, கச்சான் பார் 2.4 கிராம். கலோரிக் கணக்கில் முதலிடம் பெற்ற பாற்புரதப் பார் 1.7 கிராமோடு கடைசிக்குப் போனது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. பிறகு ரூபா ஓரளவு மீண்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம். கப்பல் கூலி, தீர்வை, வரி எல்லாம் சேர்ந்த விலையைத்தான் நாம் கொடுக்கிறோம்.

"அப்ப சொக்லட் பார்தான் லாபம்" என்றான் மருமகன். அதற்கு முன் அந்த 15 கிராம் எந்தப் புரதம் என்று பார்க்க வேண்டியிருந்தது.

உணவில் உள்ள புரதத்தை ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. 1883இல் கோப்பன்ஹேகனில் ஒரு மதுவாலையின் ஆய்வுகூடத்தில் யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. உணவில் உள்ள நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவதுதான் அந்த முறை. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைதரசன் இருப்பதால் இந்தப் பெருக்கம். நைதரசன் எதிலிருந்து வந்தது என்பதை அது கேட்காது. கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தின் ஒரு கிராமைச் சேர்த்தால் இந்த முறை அதை ஏறத்தாழ 1.17 கிராம் புரதமாகக் காட்டும். 2008இல் சீனாவில் பாலில் மெலமின் கலந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டதும் இதே ஓட்டையைத்தான்.

சொக்லட் பாரில் அப்படி எந்தக் களவும் இல்லை. சேர்பொருள் பட்டியலில் பாற்புரதம், சோயா, கொலாஜன் மூன்றும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தன. கொலாஜன் என்பது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள புரதம், ஜெலற்றினின் மூலப்பொருள். நைதரசன் கணக்கில் அது முழுப் புரதம். ஆனால் உடல் தானாக உண்டாக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களில் டிரிப்டோபன் அதில் இல்லை. ஆகவே புரதத்தின் தரத்தை 0 முதல் 1 வரை மதிப்பிடும் அளவுகோலில், தனியாக எடுத்தால் கொலாஜனுக்குப் பூச்சியம். பாலுக்கும் முட்டைக்கும் 1. கச்சானுக்கு ஏறத்தாழ 0.5.

சேர்பொருள்கள் எடை இறங்கும் வரிசையில் எழுதப்படுகின்றன. கொலாஜன் எத்தனை கிராம் என்று பட்டியல் சொல்லாவிட்டாலும், மூன்று புரதங்களில் கடைசியாக வருவதால் 15 கிராமில் மூன்றிலொன்றுக்கு மேல் இருக்காது என்று கொள்ளலாம். அந்த 5 கிராமையும் கழித்தால் மிஞ்சுவது 10. அப்போது சொக்லட் பார் 100 ரூபாவுக்கு 2 கிராம், 100 கலோரிக்கு 4.2 கிராம். இது கடுமையான கணக்கு. பால், சோயா இரண்டும் கூட இருப்பதால் கொலாஜனின் குறை ஓரளவு நிரம்பும். ரூபாக் கணக்கில் உண்மையான மதிப்பு 2க்கும் 3க்கும் இடையில் எங்கோ இருக்கும்.

சொக்லட் பாருக்கு வைத்த தராசையே கச்சான் பாருக்கும் வைக்க வேண்டும். அதன் 6 கிராமைப் பாதியாக்கினால் 100 ரூபாவுக்கு 1.2. ஆனால் கச்சானில் குறைவது லைசின். அன்றைக்குச் சோற்றோடு பருப்பும் சாப்பிட்டால் அது ஈடாகிவிடும். பாற்புரதப் பாருக்கு மட்டும் எதையும் கழிக்கத் தேவையில்லை. அமெரிக்க அட்டையில் இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அங்கே புரதம் பற்றி உரிமை கோரும் உணவு, நாளாந்தத் தேவையான 50 கிராமில் எத்தனை சதவீதம் என்பதைத் தரத்தைக் கழித்துத்தான் எழுத வேண்டும். 20 கிராமுக்கு நேரே 40 சதவீதம் என்று இருந்தால் முழுத் தரம். அதே 20 கிராமுக்கு 15 சதவீதம் என்று கண்டால், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி கொலாஜன் போன்ற ஒன்று என்று புரிந்துகொள்ளலாம்.

தரத்தைக் கழித்த பிறகு, ரூபாக் கணக்கில் சொக்லட் பாருக்கும் பாற்புரதப் பாருக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒன்று 2, மற்றது 1.7. முன்பக்க எண்ணை நம்பிப் போட்ட கணக்கில் ஒன்று மற்றதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

கடைசியாக, அதே இரண்டு கணக்குகளை எங்கள் குசினிக்கும் போட்டோம். முட்டை ஒன்று 40 ரூபா என்று வைத்தோம். புரதம் 6 கிராம், 70 கலோரி. அதாவது 100 கலோரிக்கு 8.6 கிராம், 100 ரூபாவுக்கு 15 கிராம். மைசூர்ப் பருப்பு கிலோ 300 ரூபா என்று வைத்தோம். 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம், 350 கலோரி. 100 கலோரிக்கு 6.9 கிராம், 100 ரூபாவுக்கு 80 கிராம். பருப்பின் தரத்தைப் பாதியாகக் கழித்தாலும் 40 கிராம் நிற்கிறது. கலோரிக் கணக்கில் முட்டையை மிஞ்சியது பாற்புரதப் பார் ஒன்றுதான். ரூபாக் கணக்கில் மூன்று பார்களில் எதுவும் முட்டைக்கோ பருப்புக்கோ கிட்ட வரவில்லை.

ஆகவே பாருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி, புரதத்துக்கு அல்ல. சமைக்காமல், கழுவாமல், லொறிகளுக்கு நடுவே நின்றபடி சாப்பிட முடிகிற வசதிக்குத்தான் அந்தக் காசு. உடல் எடையைக் குறைக்கக் கலோரியை எண்ணுகிறவர், சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒரு நாளில் பாற்புரதப் பாருக்கு 1,200 ரூபா கொடுப்பதில் நியாயம் இருக்கலாம். நாளாந்தம் புரதத்துக்கென்று வாங்குகிறவருக்கு அந்த நியாயம் இல்லை.

மருமகன் மூன்று பார்களையும் பைக்குள் வைத்தான். இந்த வாரம் ஜிம்முக்குப் போகும்போது இரண்டு அவித்த முட்டை கொண்டுபோகிறான். 12 கிராம் புரதம், 140 கலோரி, 80 ரூபா. பாற்புரதப் பார் மட்டும் அவனுடைய மேசை லாச்சியில் இருக்கிறது, பரிசோதனை நீண்டு இரவுச் சாப்பாடு தப்பிப்போகும் ஒரு நாளுக்காக.