ஏவுதளத்துத் தரையின் வேகம்

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தில் புறப்படக் காத்திருக்கும் ராக்கெட், தரையோடு சேர்ந்து விநாடிக்கு சுமார் 452 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. பூமியின் சுழற்சி தரும் இந்த வேகத்தை நாமே கணக்கிடலாம்.

பூமி தன் அச்சில் ஒரு முறை சுற்ற 86,164 விநாடி ஆகிறது. ஒரு முழுச் சுற்று 2π ரேடியன். வகுத்தால் விநாடிக்கு 0.00007292 ரேடியன். பூமியில் எங்கு நின்றாலும் இந்த எண் மாறாது. ஆனால் எந்த அச்சில், எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதை எண் மட்டும் சொல்லாது. அதனால் இதை ஓர் அம்பாக, அதாவது வெக்டராக எழுதுகிறோம். சுழலும் பொருளின் ஒவ்வொரு புள்ளியும் திசை மாறிக்கொண்டே போகிறது. திசை மாறாமல் நிற்பது அச்சு மட்டுமே. ஆகவே அம்பை அச்சின் மேலேயே வைக்கிறோம். வலக்கை விரல்களைச் சுழலும் பக்கமாக மடக்கினால், நீட்டிய கட்டைவிரல் அம்பின் திசையைக் காட்டும். பூமிக்கு அது வடதுருவப் பக்கம். இந்த அம்புதான் கோணத் திசைவேகம், ω.

பூமியின் மையத்திலிருந்து ஏவுதளத்துக்கு வரையும் அம்பு r, அதன் நிலை வெக்டர். தரையின் திசைவேகம் இவ்விரண்டின் வெக்டர் பெருக்கல்:

v = ω × r

ஸ்ரீஹரிகோட்டாவின் அட்சரேகை சுமார் 13.7 பாகை. ஆரம் 6,378 கிலோமீட்டர் கொண்ட கோளமாகப் பூமியை எடுத்துக்கொண்டால், r அம்பில் அச்சுக்கு இணையாக 1,511 கிலோமீட்டரும் அச்சுக்குச் செங்குத்தாக 6,197 கிலோமீட்டரும் அடங்கும். இணையான பகுதி வெக்டர் பெருக்கலில் பூச்சியமாகிவிடும். எஞ்சுவது செங்குத்துப் பகுதி. அதுதான் ஏவுதளம் வட்டமிடும் பாதையின் ஆரம். 6,197 கிலோமீட்டரை ω-வின் அளவால் பெருக்கினால் விநாடிக்கு 452 மீட்டர். இணையான பகுதி மறைவதால், அச்சில் எந்தப் புள்ளியிலிருந்து r-ஐ அளந்தாலும் விடை ஒன்றே.

மாணவர்கள் இங்கே இரண்டு இடங்களில் தவறுவதுண்டு. முழு ஆரத்தையும் ω-வால் பெருக்கினால் 465 மீட்டர் வரும். அது நிலநடுக்கோட்டின் வேகம். அந்த முறைப்படி துருவத்துக்கும் 465 மீட்டர்தான் வரும். அங்கே வேகம் பூச்சியம் என்பதால் தவறு உடனே வெளிப்படும். இன்னொன்று, r × ω என்று வரிசையை மாற்றுவது. அளவு சரியாகவே இருக்கும், ஆனால் திசை மேற்காகிவிடும்.

திசை எவ்வளவு முக்கியம் என்பதை ராக்கெட்டின் பாதையே காட்டும். கிழக்கே வங்கக்கடலுக்கு மேல் செலுத்தப்படும் ராக்கெட்டுக்கு இந்த 452 மீட்டர் உதவியாகச் சேர்கிறது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி அனுப்பும்போதோ, அதே வேகம் ராக்கெட்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அதை ஈடுகட்ட எரிபொருள் செலவாகும்.