அரை வாட் செலவில் தெளியும் இசை

ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரை நேரடியாக இயக்குவது கடைசிக் கட்டம். அங்கே ஒரே ஒரு டிரான்சிஸ்டரை வைத்தால் அதற்கு ஓய்வே கிடையாது. ஒலி அலை மேலும் கீழும் அசைகிறது. டிரான்சிஸ்டரோ மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். அதனால் பாட்டு இல்லாதபோதும் நடுத்தரமான ஒரு மின்னோட்டம் அதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் அலைக்கு ஏற்ப அது கூடவும் குறையவும் முடியும்.

இதற்கு ஆகும் செலவு பெரிது. ஸ்பீக்கருக்கு 9 வாட் வேண்டுமென்றால், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இணைத்தாலும் குறைந்தது 18 வாட் எப்போதும் செலவாகும். பாட்டு நின்றால் அந்த 18 வாட்டும் வெப்பமாகிவிடும்.

புஷ்-புல் முறையில் வேலை இரண்டாகப் பிரிகிறது. அலையின் மேல் பாதியை ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரும் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று உழைக்கும்போது மற்றது அணைந்திருக்கும். 24 வோல்ட் மின்வழங்கி, 8 ஓம் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். அலையின் உச்சம் 12 வோல்ட், 1.5 ஆம்பியர்; ஸ்பீக்கருக்குச் சேர்வது 9 வாட். மின்வழங்கி தருவது ஏறக்குறைய 11.5 வாட்தான். திறன் 78.5 சதவீதம். டிரான்சிஸ்டரிலேயே ஓரிரு வோல்ட் தங்கிவிடுவதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும்.

சிக்கல் வருவது வேலை கைமாறும் இடத்தில். சிலிக்கான் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளச் சுமார் 0.6 வோல்ட் வேண்டும். அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது இரண்டுமே தூங்குகின்றன. ஸ்பீக்கருக்கு எதுவும் போவதில்லை. இதுதான் கிராஸ்ஓவர் திரிபு. 12 வோல்ட் அலையில் இந்த இடைவெளி சிறியது. 1 வோல்ட் அலையிலோ உச்சத்தில் 0.4 வோல்ட் மட்டுமே மிஞ்சும். ஆகவே ஒலியைக் குறைத்து வைக்கும்போது கரகரத்து, கூட்டினால் தெளிந்தால், குறை இங்கேதான் என்று சந்தேகிக்கலாம். அளவுக்கு மீறிக் கூட்டுவதால் வரும் திரிபு இதற்கு நேர்மாறாக, உரத்த ஒலியில்தான் தலைகாட்டும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால், பூஜ்யக் கோட்டருகே அலை தட்டையாகத் தெரியும்.

இரு பேஸ்களுக்கும் நடுவே இரண்டு டயோடுகளை வைப்பது இதற்கு மருந்து. அவற்றில் நிற்கும் சுமார் 1.2 வோல்ட் இரு டிரான்சிஸ்டர்களையும் அரைவிழிப்பில் வைத்திருக்கும். ஆனால் சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் இன்னும் எளிதாக விழிக்கும், மின்னோட்டம் கூடும், சூடு மேலும் ஏறும், கடைசியில் எரிந்தே போகலாம். அதனால்தான் அந்த டயோடுகளை டிரான்சிஸ்டர்கள் அமர்ந்துள்ள ஹீட்சிங்க்கிலேயே பொருத்துகிறார்கள். சூடேறினால் டயோடின் வோல்டேஜும் சேர்ந்து குறையும். எமிட்டர்களில் 0.47 ஓம் போன்ற சிறு ரெசிஸ்டர்களும் காவலுக்கு நிற்கும். பாட்டில்லாத நேரத்தில் ஒரு ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே 10 மில்லிவோல்ட் இருந்தால், ஓடுவது சுமார் 20 மில்லிஆம்பியர். 24 வோல்ட்டில் அது அரை வாட்.

ஒற்றை டிரான்சிஸ்டர் கேட்கும் 18 வாட் எங்கே, இந்த அரை வாட் எங்கே! இரண்டு டிரான்சிஸ்டர் வைப்பதற்கு இந்தக் கணக்கே போதுமான நியாயம்.