மார்ச் மாதப் பங்கு: யாருக்கு எவ்வளவு?

மகளிர் சுய உதவிக் குழுக்களில் பெரிய சண்டை வருவது கடன் கொடுக்கும்போது அல்ல. ஆண்டு முடிவில் வட்டியைப் பங்கு பிரிக்கும்போதுதான் வருகிறது. "நான் முதல் மாசத்துல இருந்து சந்தா கட்டுறேன், நடுவுல வந்தவளுக்கும் எனக்கும் ஒரே தொகையா?" என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல முடியாமல் ஊக்குநர் தவிப்பார். அந்தப் பதில் அன்றைக்கு யோசித்துச் சொல்ல வேண்டியது அல்ல. பன்னிரண்டு மாதமும் நோட்டு எழுதிய விதத்தில் அது ஏற்கெனவே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை சேர்ந்து, மாதாமாதம் சேமித்து, அந்தப் பணத்தையே தங்களுக்குள் கடனாகக் கொடுத்துக்கொள்வது இவற்றின் அடிப்படை. வங்கிக் கடன் பிறகு வருவது. உள்கடனைச் சரியாக எழுதத் தெரிந்த குழு, வங்கிக் கடனையும் எழுதிவிடும்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். ஏப்ரலில் பத்துப் பேர் சேர்ந்து தொடங்குகிறார்கள். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சந்தா. உள்கடனுக்கு ரெண்டு ரூபாய் வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி கூட்டம். அக்டோபரில் இன்னும் இரண்டு பேர் சேர்கிறார்கள்.

ஒரு கூட்டத்தின் பக்கம்

செப்டம்பர் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். போன மாத இறுதியில் வங்கியிலும் கையிலுமாகக் குழுவிடம் 840 ரூபாய் இருந்தது. வெளியே நிற்கும் கடன் 9,400 ரூபாய். அன்றைய வரவு இது: சந்தா 2,000, கடன் அசல் 1,900, வட்டி 188, தாமதமாக வந்தவருக்கு அபராதம் 10. மொத்தம் 4,098. பழைய இருப்போடு சேர்த்தால் 4,938 ரூபாய். இதிலிருந்து செல்வி என்ற உறுப்பினருக்கு 4,000 ரூபாய் கடன் கொடுக்கத் தீர்மானம் போடுகிறார்கள். வங்கிக்குப் போய்வந்த பஸ் செலவு 20. மீதி 918 ரூபாய்.

பலர் இதோடு நோட்டை மூடிவிடுவார்கள். இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். குழுவின் பணம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு பக்கம், இப்போது எங்கே இருக்கிறது என்பது மறுபக்கம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சேர்ந்த சந்தா 12,000. இதுவரை வந்த வட்டியிலும் அபராதத்திலும் செலவு போக மிஞ்சியது 418. ஆக 12,418 ரூபாய் இருந்தாக வேண்டும். வெளியே நிற்கும் கடன், 9,400-இல் 1,900 கழித்து 4,000 கூட்டினால் 11,500. கையிலும் வங்கியிலும் 918. இரண்டும் சேர்ந்து அதே 12,418.

இந்த இரண்டு தொகையும் ஒத்துப்போனால் அந்த மாதக் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அன்றே, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே தேட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். மார்ச்சில் தேடினால் யாருக்கும் எதுவும் நினைவில் இருக்காது.

வட்டி முதலில், அசல் பிறகு

செல்வி வாங்கிய 4,000 ரூபாயைப் பத்துத் தவணையில் கட்ட ஒப்புக்கொள்கிறார். மாதம் 400 அசல். முதல் மாத வட்டி 80. அடுத்த மாதம் நிலுவை 3,600 என்பதால் வட்டி 72. அதற்கடுத்து 64. இப்படி இறங்கிக்கொண்டே வந்தால் பத்து மாதத்தில் மொத்த வட்டி 440 ரூபாய். சில குழுக்களில் எளிதாக இருக்கட்டும் என்று, அசல் குறைந்த பிறகும் எல்லா மாதமும் 80 ரூபாயே வாங்குவார்கள். அப்படியானால் 800 ரூபாய் ஆகிவிடும். ரெண்டு ரூபாய் வட்டி என்று தீர்மானத்தில் எழுதிவிட்டு, உண்மையில் அதைவிட மிக அதிகம் வாங்கியதாகிறது. எந்த முறை என்பதைத் தீர்மான நோட்டில் ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டும்.

தவணை குறையும் மாதத்தில்தான் கணக்கு தடுமாறும். இரண்டாம் தவணைக்கு 472 ரூபாய் கட்ட வேண்டிய செல்வி, கையில் இருந்த 172 ரூபாயை மட்டும் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வட்டி 72-ஐ எடுத்துக்கொண்டு, மீதி 100 ரூபாயை அசலில் கழிக்க வேண்டும். நிலுவை 3,500, அடுத்த மாத வட்டி 70. அவசரத்தில் 172 ரூபாயையும் அசலில் எழுதிவிட்டால் நிலுவை 3,428 ஆகி, 72 ரூபாய் வட்டி எந்த நோட்டிலும் இல்லாமல் காணாமல் போகும். அந்த மாதப் பக்கம் ஒத்துப்போகவும் செய்யும், ஏனென்றால் வந்த பணம் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. எனவே இந்தப் பிழையை மேலே சொன்ன சோதனை பிடிக்காது. கடன் பேரேட்டில் ஒவ்வொரு வரியிலும் போன மாத நிலுவைக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் வட்டி ஏறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் ஒருவர் பழைய கடன் முழுவதையும் கட்டியதாகவும், அவருக்கே புதிதாகக் கடன் கொடுத்ததாகவும் பேரேட்டில் இருந்தால், பெரும்பாலும் பணம் கைமாறியிருக்காது. கட்ட முடியாத கடனைப் புதுக் கடனாக மாற்றி எழுதியிருப்பார்கள். ஏட்டில் எல்லாரும் ஒழுங்காகக் கட்டுவதுபோலத் தெரியும். நிலுவை மட்டும் குறையவே குறையாது.

ஆண்டு முடிவில்

மார்ச் 31-ஆம் தேதி கணக்கு முடிக்கிறோம். பத்துப் பேர் ஆளுக்கு 2,400, இரண்டு பேர் ஆளுக்கு 1,200. மொத்தச் சேமிப்பு 26,400 ரூபாய். ஆண்டு முழுவதும் வந்த கடன் வட்டி 2,520, அபராதம் 100, வங்கி தந்த வட்டி 36. மொத்தம் 2,656. நோட்டு, பஸ் செலவு என்று போனது 190. பிரிக்க இருப்பது 2,466 ரூபாய்.

இது கையில் வந்த வட்டி மட்டுமே. வர வேண்டிய, இன்னும் வராத வட்டியை இதில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வராத பணத்தைப் பங்கு பிரித்துவிட்டு, கொடுக்கும்போது சந்தாப் பணத்தில் கைவைக்க நேரும். அரசு கொடுத்த சுழல் நிதி இருந்தால் அதையும் தொடக்கூடாது. அது குழுவின் பொது நிதி, உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளும் லாபம் அல்ல.

இப்போது 2,466 ரூபாயை எப்படிப் பிரிப்பது? மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் 205 ரூபாய் 50 காசு வரும். ஆறு மாதம் மட்டும் கட்டியவருக்கும் அதே தொகை. கட்டிய சேமிப்பின் அளவுப்படி பிரித்தால் பழையவருக்கு ஏறக்குறைய 224, புதியவருக்கு 112. இது நியாயமாகத் தோன்றும். ஆனால் இதிலும் ஒரு குறை இருக்கிறது. ஏப்ரலில் கட்டிய 200 ரூபாய் கடனாகப் போய் ஆண்டு முழுக்க வட்டி சம்பாதித்தது. மார்ச்சில் கட்டிய 200 ரூபாய்க்கு அந்த வாய்ப்பே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது இந்த முறை.

மூன்றாவது வழி, பணம் எத்தனை மாதம் குழுவில் இருந்தது என்று எண்ணுவது. ஏப்ரல் சந்தாவுக்கு 12 மாதம், மே மாதத்துக்கு 11, ஜூனுக்கு 10, இப்படி மார்ச்சுக்கு 1. கூட்டினால் தொடக்கம் முதல் இருப்பவருக்கு 78. அக்டோபரில் சேர்ந்தவருக்கு 6, 5, 4, 3, 2, 1 என்று 21. பத்துப் பேருக்கு 780, இரண்டு பேருக்கு 42, மொத்தம் 822. இதனால் 2,466-ஐ வகுத்தால் ஒன்றுக்கு 3 ரூபாய். பழையவருக்கு 234 ரூபாய், புதியவருக்கு 63 ரூபாய்.

ஒருவர் ஜூலை சந்தாவை ஆகஸ்டில் சேர்த்துக் கட்டியிருந்தால் அந்தப் பணத்துக்கு 9 மாதம் இல்லை, 8 மாதம்தான். அவருக்கு 3 ரூபாய் அளவுக்குக் குறையும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை, தேதியே சொல்லிவிடும். நிஜக் கணக்கில் வகுத்தால் இப்படி முழு எண் வராது. காசுகளை விட்டுவிட்டு மிச்சத்தைக் குழு நிதியிலேயே வைத்துக்கொள்ளலாம். மூன்றில் எந்த முறையானாலும், ஏப்ரலிலேயே தீர்மானம் போட்டு எல்லாரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நடுவில் விலகுகிறவருக்கு வட்டிப் பங்கு உண்டா இல்லையா என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

கொடுப்பதற்குமுன் பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சேமிப்பும் லாபமும் சேர்ந்து 28,866 ரூபாய். இதில் 24,500 ரூபாய் கடனாக வெளியே நிற்கிறது. வங்கியில் 4,180, கையில் 186. எனவே 2,466 ரூபாய் பங்கைக் கொடுக்கலாம், மீதி 1,900 இருக்கும். சேமிப்பையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்கப் பணம் இல்லை. "மார்ச்சுக்குள் எல்லாரும் கடனை முடிக்கணும்" என்று கட்டாயப்படுத்தினால், சிலர் வெளியில் அதிக வட்டிக்கு வாங்கி வந்து கட்டுவார்கள். சேமிப்பையும் பிரித்துவிட்டால் குழு மறுபடி வெறுங்கையோடு தொடங்க வேண்டும். குழுவின் சொந்த நிதியைப் பார்த்தே வங்கியும் கடன் தொகையை முடிவு செய்கிறது. ஆகவே வட்டியை மட்டும் பிரித்து, அதிலும் ஒரு பகுதியை வராக்கடனுக்காக ஒதுக்கி வைப்பதே நல்லது.

குழுவில் இருப்பவர்கள் இந்த மாதக் கூட்டத்திலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் பாஸ் புத்தகத்தில் இருக்கும் சேமிப்பும் கடன் நிலுவையும் பேரேட்டில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று உரக்கப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். பிறகு, சேமிப்பும் லாபமும் ஒரு பக்கம், கடனும் இருப்பும் மறுபக்கம் என்று அந்த ஒரு வரியை எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஊக்குநர் எழுதத் தயங்கினால், இத்தனை நாளும் அந்த வரி எழுதப்படவில்லை என்று பொருள்.