வாடகை எங்கே போனது?

கோவையில் ஒரு நிறுவனம் ஷோரூமுக்குக் கட்டடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 1,00,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியே கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் 36 மாதத்துக்கு. நடுவில் யாரும் விலக முடியாது. நம் வீட்டு வரவு செலவு நோட்டில் இதற்கு ஒரே வரிதான்: வாடகை ஒரு லட்சம். ஆனால் அந்த நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால், அதன் லாப நட்டக் கணக்கில் இந்த வாடகையைத் தேடினாலும் கிடைக்காது. அந்த இடத்தில் தேய்மானமும் வட்டியும் இருக்கும். வாங்காத கட்டடத்துக்குத் தேய்மானம், வாங்காத கடனுக்கு வட்டி!

இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏஎஸ் 116 என்ற கணக்கியல் தரம்தான் இதற்குக் காரணம். அதன் மூலம், சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 2016 ஜனவரியில் வெளியிட்ட ஐஎஃப்ஆர்எஸ் 16. அதற்கு முன், விமான நிறுவனங்கள் பல வருடக் குத்தகையில் விமானங்களை ஓட்டின. அவற்றில் பல, நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் தென்படவே இல்லை. இருப்புநிலைக் குறிப்பில் உண்மையாகவே இடம்பெற்ற ஒரு விமானத்தில் சாவதற்குள் பறந்துவிட வேண்டும் என்று அந்த வாரியத்தின் அன்றைய தலைவர் டேவிட் ட்வீடி கேலியாகச் சொல்வார். பல வருடத்துக்குப் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டால் அதுவும் கடன்தான், அதைக் காட்டியே ஆக வேண்டும் என்பது புதிய விதியின் அடிப்படை.

நம் ஊரில் ‘லீசுக்கு வீடு’ என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருப்பது. கணக்கியலில் லீஸ் என்பது அது மட்டுமல்ல. குறிப்பிட்ட ஒரு பொருளை, குறிப்பிட்ட காலத்துக்கு, பணம் கொடுத்து நம் கட்டுப்பாட்டில் வைத்துப் பயன்படுத்தினால் எல்லாமே லீஸ்தான். இந்த விதி எல்லாக் கடைக்காரருக்கும் பொருந்தாது. முதன்மைச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், பட்டியலிடப்படாவிட்டாலும் 250 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர மதிப்புள்ளவை, அவற்றின் துணை நிறுவனங்கள் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும்.

ஒரு லட்சம் இரண்டாகப் பிரியும் விதம்

கோவை ஷோரூமுக்கு வருவோம். 36 மாதம் கொடுக்கப்போகும் மொத்தம் 36 லட்சம். ஆனால் மூன்றாம் வருடம் கொடுக்கும் ஒரு லட்சத்துக்கு இன்றைக்கு ஒரு லட்சம் மதிப்பு கிடையாது. எனவே முதலில் ஒரு வட்டி விகிதம் வேண்டும். இதே காலத்துக்கு, இதே போன்ற ஈட்டின் பேரில் வங்கியில் கடன் கேட்டால் நிறுவனத்துக்கு என்ன வட்டி போடுவார்களோ, பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். அது மாதம் 1 சதவீதம் என்று வைப்போம். எக்செல் தெரிந்தவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=PV(1%,36,-100000,0,1)
```

விடை 30,40,858 ரூபாய். கட்டடத்தை மூன்று வருடம் பயன்படுத்தும் உரிமையின் இன்றைய மதிப்பு இது. இதைப் ‘பயன்பாட்டு உரிமைச் சொத்து’ என்று சொத்துப் பக்கம் எழுதுகிறார்கள். முதல் மாத வாடகையை அன்றே கொடுத்துவிட்டதால், மீதி 29,40,858 ரூபாய் ‘குத்தகைக் கடன்’ என்று கடன் பக்கம் போகிறது.

அதன் பிறகு இரண்டும் தனித்தனி வழியில் கரைகின்றன. சொத்தை 36 பங்காக்கினால் மாதம் 84,468 ரூபாய் தேய்மானம். இது கடைசி மாதம் வரை மாறாது. கடனுக்கு முதல் மாத வட்டி 29,409 ரூபாய். அடுத்த வாடகையைக் கொடுத்ததும் கடன் குறையும், அதற்கேற்ப வட்டியும் குறையும். ஆகவே முதல் மாதம் கணக்கில் ஏறும் செலவு 1,13,877 ரூபாய். கடைசி மாதம் 84,468 மட்டுமே. வருடக் கணக்காகப் பார்த்தால் முதல் வருடம் ஏறத்தாழ 13.18 லட்சம், இரண்டாம் வருடம் 12.05 லட்சம், மூன்றாம் வருடம் 10.77 லட்சம். கூட்டினால் அதே 36 லட்சம். கையிலிருந்து போகும் பணத்தில் ஒரு பைசா மாறவில்லை. எந்த வருடத்தில் எவ்வளவு செலவு என்பதுதான் மாறியிருக்கிறது.

இதில் கட்டட முதலாளிக்குக் கொடுக்கும் அட்வான்ஸும் சேரும். பத்து மாத வாடகையான 10 லட்சத்தை வட்டியில்லாமல் கொடுத்து, மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பெறுகிறோம். அதே வட்டியில் அதன் இன்றைய மதிப்பு 6,98,925 ரூபாய்தான். மீதி 3,01,075 ரூபாய், பெயரில் அட்வான்ஸாக இருந்தாலும், உண்மையில் முன்கூட்டியே கொடுத்த வாடகை. எனவே அதையும் பயன்பாட்டு உரிமைச் சொத்தோடு கூட்ட வேண்டும். அட்வான்ஸை முழு 10 லட்சமாகவே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பதினொரு மாதம் என்ற தப்பிக்கும் வழி

12 மாதமோ அதற்குக் குறைவோ உள்ள குத்தகைகளுக்கு இந்த வேலையெல்லாம் வேண்டாம், வாடகைச் செலவாகவே எழுதிக்கொள்ளலாம் என்று விதியில் சலுகை உண்டு. நம் ஊரிலோ பாதி ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்குத்தான் போடப்படுகின்றன. ஒரு வருடத்துக்கு மேல் போனால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால் வந்த பழக்கம் அது. அப்படியானால் எல்லாம் சலுகையில் அடங்கிவிடுமா?

அடங்காது. 2019 நவம்பரில் ஐஎஃப்ஆர்எஸ் விளக்கக் குழு இதைத் தெளிவாக்கியது. காகிதத்தில் உள்ள தேதியோடு நிறுத்தக் கூடாது. காலி செய்தால் யாருக்கு என்ன நட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். 11 மாத ஒப்பந்தத்தை மேலும் நீட்டிக்கும் உரிமை வாடகைதாரருக்கு இருந்து, அந்த இடத்தில் 20 லட்சத்துக்கு மரவேலையும் கண்ணாடியும் செய்திருந்தால், பதினோராம் மாதம் கிளம்பிவிடுவார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தணிக்கையாளர் இதைப் பிடிக்கும் வழி எளிது. அந்த மரவேலைக்கு எத்தனை வருடத் தேய்மானம் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். கடைக்கு 11 மாதம், மரவேலைக்கு ஆறு வருடம் என்றிருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

டிரைவரோடு வரும் கார்

வாகனத்தில் சிக்கல் வேறு. ஊழியர்களை ஏற்றிவர டிராவல்ஸ் நிறுவனம் தினம் கைவசமுள்ள ஏதோ ஒரு வண்டியை அனுப்புகிறது, எதை அனுப்புவது என்பது அவர்கள் வசதி என்றால், அது லீஸ் அல்ல, வெறும் சேவை. இந்த நம்பர் வண்டிதான், மூன்று வருடம் நம் வசம் இருக்கும், எப்போது எங்கே போகவேண்டும் என்று நாம்தான் சொல்வோம் என்றால் அது லீஸ். பழுதானபோது மட்டும் மாற்று வண்டி தருவதால் அந்த நிலை மாறிவிடாது.

லீஸ் என்று முடிவானாலும் முழு பில்லும் உள்ளே போகாது. மாதம் 60,000 ரூபாயில் வண்டிக்கு 35,000, டிரைவருக்கும் பராமரிப்புக்கும் 25,000 என்றால், 35,000-க்கு மட்டுமே கடனும் சொத்தும். பிரிக்காமல் முழுவதையும் லீஸாகவே எழுதவும் விதி இடம் தருகிறது. ஆனால் அப்படிச் செய்தால், டிரைவரின் சம்பளத்துக்கும் சேர்த்து நாம் கடன்பட்டதாக இருப்புநிலைக் குறிப்பு காட்டும்.

ஈஆர்பியில் நடக்கும் விபத்து

நூறு கிளைகள் உள்ள நிறுவனம் இதை எக்செல்லில் செய்து முடியாது. ஈஆர்பி மென்பொருளில் செய்கிறார்கள். உதாரணமாக எஸ்ஏபியில், RECN திரையில் ஒப்பந்தத்தைப் பதிகிறார்கள்: தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தொகை, வட்டி விகிதம். மாத முடிவில் RECEEP ஓட்டினால் வட்டியும் கடனும் பதிவாகும். தேய்மானத்தைச் சொத்துப் பிரிவில் AFAB போடும். வாடகையை RERAPP கட்டட முதலாளியின் கணக்கில் ஏற்றும். கணக்கு போடுவதில் இயந்திரம் தவறு செய்வதில்லை. தவறு அதற்குக் கொடுக்கும் தகவலில்தான்.

முதல் தவறு, வாடகை மாத ஆரம்பத்திலா முடிவிலா என்ற ஒரு தேர்வு. மேலே உள்ள சூத்திரத்தின் கடைசி 1-ஐ 0 ஆக்கிப் பாருங்கள், 30,10,751 வரும். ஒரே கடைக்கு 30,000 ரூபாய் வித்தியாசம். ஒப்பந்தத்தில் ‘ஒன்றாம் தேதி’ என்று இருந்தும் திரையில் மாத முடிவைத் தேர்ந்திருந்தால், 36 மாதமும் தப்பான வட்டி ஓடும்.

இரண்டாவது இன்னும் பெரியது. கட்டட முதலாளியின் பில், லீஸ் பிரிவில் இருப்பவருக்கு வருவதில்லை. பில் பாஸ் செய்பவரிடம் வருகிறது. அவர் வழக்கம்போல ‘வாடகைச் செலவு’ என்று போட்டுவிடுகிறார். அந்தப் பக்கம் தேய்மானமும் வட்டியும் தானாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே வாடகை இரண்டு முறை செலவாகிவிட்டது.

அவர் லீஸ் கணக்கிலேயே போட்டாலும் தொகை தப்பலாம். ஒரு லட்சத்தோடு ஜிஎஸ்டி 18,000 சேர்த்து, டிடிஎஸ் 10,000 கழித்து, வங்கியிலிருந்து 1,08,000 போகிறது. குத்தகைக் கடன் குறைய வேண்டியதோ சரியாக ஒரு லட்சம். வங்கித் தொகையைப் பார்த்துக் கழித்தால் கடன் மாதாமாதம் 8,000 அதிகமாகக் கரைந்து, மூன்றாம் வருடம் முடியுமுன்பே எதிர்மறை இருப்பாகத் திரும்பிவிடும்.

இரண்டையும் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். வாடகைச் செலவுக் கணக்கைத் திறந்து பாருங்கள். குறுகிய கால வாடகை போன்ற, விதி விலக்களித்தவற்றைத் தவிர அதில் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு ஏதாவது ஒரு மாத முடிவில், மிச்ச மாதங்களின் வாடகைக்கு அதே PV சூத்திரத்தைப் போட்டு, குத்தகைக் கடன் இருப்போடு ஒப்பிடுங்கள். முதல் வருட முடிவில் நம் ஷோரூமுக்கு அது 21,45,582 ரூபாயாக இருக்க வேண்டும்.

நடுவில் காலி செய்தால்

இரண்டு வருடம் முடிந்ததும் இரு தரப்பும் பேசிக் கடையைக் காலி செய்துவிட்டார்கள் என்று வையுங்கள். அட்வான்ஸை ஒதுக்கிப் பார்த்தால், அன்றைக்குக் கடன் 11,36,763 ரூபாய், சொத்து 10,13,619 ரூபாய். இரண்டையும் நீக்கினால் 1.23 லட்சம் லாபம் என்று ஈஆர்பி காட்டும். ஒன்றும் சம்பாதிக்காமல் லாபம் எப்படி என்று மேலாளர் கேட்பார்.

சம்பாதித்தது அல்ல. இரண்டு வருடத்தில் வங்கியிலிருந்து போன வாடகை 24 லட்சம். கணக்கில் ஏறிய செலவு 25.23 லட்சம். ஆரம்ப மாதங்களில் வட்டி கூடுதலாக ஏறியதால் அதிகமாக எழுதிய அந்த 1.23 லட்சம்தான் இப்போது திரும்பி வருகிறது. மறைந்துபோனதாகத் தோன்றிய வாடகையை இந்த ஒரு நாளில் மட்டும் கண்ணால் பார்க்கலாம்: எழுதிய செலவையும் கொடுத்த பணத்தையும் நேர் செய்தால், மிஞ்சுவது மாதம் ஒரு லட்சமாக இருபத்து நான்கு மாத வாடகைதான்.